மிச்சத் துணி எங்கே போகும்?

கற்பனை உடைக்கு மடிப்பு வரைவதில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது என்று ஓவியம் வரையும் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். இல்லாத உடையை யார் பார்த்திருக்கிறார்கள்? வெளிச்சமும் நிழலும் ஒழுங்காக விழுந்தால் போதும், மடிப்பு எங்கே வருகிறது என்பதெல்லாம் வரைகிறவர் இஷ்டம். இதுதான் அவர் வாதம். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால், பார்க்கிறவர்கள் அந்த உடையைப் பார்த்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோருமே பிறந்ததிலிருந்து துணி உடுத்துகிறவர்கள். முழங்கையை மடக்கினால் சட்டைக்கை என்ன செய்யும் என்பது அவர்களுக்கு வாயால் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் தப்பாக இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும். "என்னமோ ஒட்டல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

மறுபக்கம், எதற்கும் படம் பார்த்து வரை என்கிற அறிவுரை. நல்ல அறிவுரைதான், நானும் பின்பற்றுகிறேன். ஆனால் புதிதாக ஒரு உடையை உருவாக்கும்போது அது பாதி வழியில் கைவிட்டுவிடும். கிடைக்கிற புகைப்படத்தில் இருப்பது வேறு துணி, வேறு தையல், வேறு நிலை. அந்த முழங்கையிலிருந்து நான்கு மடிப்பு, இந்த இடுப்பிலிருந்து மூன்று மடிப்பு என்று எடுத்து ஒட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக அழகாக இருக்கும், மொத்தமாகப் பார்த்தால் ஒரே துணியில் தைத்த உடை மாதிரி இருக்காது. கையில் மெல்லிய பருத்தி, இடுப்பில் கனத்த கம்பளி என்றாகிவிடும்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் என் நிலைப்பாடு ஒன்று இருக்கிறது. மடிப்பு என்பது மிச்சத் துணி. உடம்புக்குத் தேவையானதைவிட அந்த இடத்தில் அந்த நேரத்தில் அதிகமாக இருக்கும் துணி, போக இடமில்லாமல் மடங்கி நிற்பது. அப்படியென்றால் எவ்வளவு மிச்சம், எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் மடிப்பு எங்கே வரும், ஏறக்குறைய எத்தனை வரும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கற்பனை உடையாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

எடுத்துக்காட்டுக்கு, நான் வரைந்துகொண்டிருந்த ஒரு கலங்கரை விளக்கக் காவலாளி. நடுவயது, குளிர்காற்று, இரவு. முழங்கால் வரை தொங்கும் கனத்த கம்பளி அங்கி ஒன்றை அவருக்காக உருவாக்கினேன். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு பாகம், பொத்தான் கிடையாது, இடுப்பில் அகலமான கச்சை. வலது கையில் விளக்கைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இடது கை இடுப்பில். தோள், முழங்கை, இடுப்பு மூன்றுமே ஒரே நேரத்தில் வேலை செய்கிற நிலை. வெளிக்கோடு போட்டாயிற்று, அடிநிறமும் பூசியாயிற்று. மடிப்பு தொடங்க வேண்டியதுதான் பாக்கி.

"இந்தக் கை எங்கே ஆரம்பிக்குது?"

அந்த நேரத்தில்தான் தையல் தொழிலில் இருக்கும் அக்கா ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு ஓவியத்தில் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. முகத்தையோ விளக்கையோ அவர் பார்க்கவே இல்லை. தோளில் விரலை வைத்து, "தம்பி, இந்தக் கை எங்கே ஆரம்பிக்குது?" என்றார்.

தோளிலிருந்துதான் என்றேன்.

"தோள்லன்னா எங்க? தோள் முனையிலயா, கழுத்துலயா, இல்ல கைக்குழியே இல்லாம உடம்போட சேர்த்து வெட்டினதா? கைக்குழி எவ்வளவு இறக்கம்? அது தெரியாம எப்படித் துணி எங்க நிக்கும்னு சொல்லுவே?"

எனக்கு அந்தக் கேள்வி இன்றும் பிடித்திருக்கிறது. ஓவியம் கற்பிக்கும் இடங்களில் மடிப்பை வகை பிரித்துத்தான் சொல்லித் தருவார்கள். குழாய் மடிப்பு, குறுக்குநெடுக்கு மடிப்பு, சுருள் மடிப்பு, இரண்டு முனைக்கு நடுவே தொய்ந்து தொங்கும் மடிப்பு என்று ஏழு வகை உண்டு. அது பெயர் வைப்பதற்கு உதவும். ஆனால் எந்த இடத்தில் எந்த வகை வரும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. தையற்காரர் நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறார். அவருக்கு மடிப்புக்குப் பெயர் தேவையில்லை. துணி எங்கே வெட்டப்பட்டது, எங்கே தைக்கப்பட்டது, எவ்வளவு லூஸ் விட்டிருக்கிறது என்பது தெரிந்தால் போதும். புதிய உடையை உருவாக்குகிறவர் ஓவியர் மட்டுமில்லை, அந்த உடையின் தையற்காரரும் அவரேதான்.

அக்கா விளக்கியது இதுதான். சட்டைக்கையைத் தனித் துண்டாக வெட்டும்போது அதன் மேல்முனை ஒரு மேடு மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவு உயரமாக இருந்தால், கையைத் தொங்கவிடும்போது தோளிலிருந்து துணி அழகாக, சுருக்கமில்லாமல் இறங்கும். ஆனால் கையைத் தூக்கினால் அக்குளில் துணி போதாது. கை மேலே போகப் போக உடையின் பக்கவாட்டையே கூடவே இழுத்துக்கொண்டு போகும். வளைவு தாழ்வாக இருந்தால் கையை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம், உடை அசையாது. ஆனால் கையைக் கீழே விட்டால் அக்குளுக்கு முன்னும் பின்னும் துணி கொத்தாக நிற்கும். வளைவே இல்லாமல், உடம்புத் துண்டும் கையும் ஒரே துணியாக வெட்டப்பட்டிருந்தால், கையைத் தொங்கவிடும்போது கழுத்தோரத்திலிருந்து அக்குள் வரை சாய்வாகப் பெரிய மடிப்பு விழுந்தே தீரும்.

ஆக, தோளில் மடிப்பு எங்கே வரும் என்பது நிலையைப் பார்த்து மட்டும் முடிவாவது இல்லை. ஒரே நிலை, ஒரே துணி, மூன்று வெட்டு என்றால் மூன்று வேறு தோள். தெருவில் போகிறவரின் கோட்டைப் புகைப்படம் எடுத்துவந்து என் காவலாளிக்குப் போட முடியாததற்குக் காரணம் இதுதான். அந்தக் கோட்டின் வளைவு உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்பதற்காக வெட்டப்பட்டது. இவரோ ராத்திரி முழுக்க விளக்கைத் தூக்குகிற ஆள்.

அவருக்குத் தாழ்வான வளைவுதான் சரி என்று முடிவு செய்தேன். கைக்குழியும் அக்குளுக்கு மூன்று நான்கு விரல் கீழே இறங்கட்டும். இந்த ஒரு முடிவு எடுத்ததுமே வலது தோளில் பாதி வேலை முடிந்துவிட்டது. கை தூக்கியிருக்கிறது, ஆகவே அக்குளில் மிச்சம் கிடையாது, அங்கே துணி கிட்டத்தட்ட இழுத்துப் பிடித்தபடி. அக்குளிலிருந்து கச்சை வரை பக்கவாட்டில் நீளமாக ஒன்றிரண்டு இழுப்புக் கோடுகள், ஆழமில்லாமல். மிச்சம் முழுக்க தோளுக்கு மேலே வந்து சேர்கிறது. ஏனென்றால் கை மேலே போகும்போது தோள் முனைக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள தூரம் குறைகிறது, அங்கே இருந்த துணி அப்படியே இருக்கிறது. அது கழுத்துப்பட்டையைக் காது பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஒன்றோ இரண்டோ தடித்த மடிப்பாக எழும்பும். கையைத் தூக்கிய படங்களில் பெரும்பாலோர் அக்குளில் மடிப்பைக் குவித்துவிட்டு மேல்தோளை மொழுமொழுவென்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

வளைவு உயரமான உடையாக இருந்திருந்தால் இதே இடத்தில் கதை வேறு. அக்குளிலிருந்து போகும் இழுப்பு கச்சையை எட்டும், கச்சை விட்டுக்கொடுக்காது, ஆகவே கச்சைக்கு மேலே புடைத்து நிற்கும் துணி வலப்பக்கம் மட்டும் உறிஞ்சப்பட்டு மறைந்துவிடும். அதுவும் அழகான காட்சிதான், உடை அவருக்குச் சிறியது என்று சொல்லாமல் சொல்லும். வேறொருவரிடமிருந்து வாங்கிப் போட்ட உடை என்று கதையில் இருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன்.

முழங்கை: அளந்து சொல்லக்கூடிய இடம்

மூன்று இடங்களில் முழங்கைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இங்கே கணக்கு உண்மையிலேயே போட முடிகிறது. சட்டைக்கை ஒரு குழாய். குழாயை வளைத்தால் வெளிப்பக்கப் பாதை நீளம், உட்பக்கப் பாதை குட்டை. 90 பாகை வளைத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குழாயின் குறுக்களவைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் தைத்த துணிக்கு உட்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் ஒரே நீளம்தான். பாவும் ஊடையும் நேராக ஓடும் திசையில் நெய்த துணி பெரிதாக நீளாது, சாய்வாக இழுத்தால்தான் கொஞ்சம் கொடுக்கும். ஆகவே வெளிப்பக்கம் தனக்கு வேண்டியதைக் கைமுனையிலிருந்து இழுத்துக்கொள்ளும். கையை மடக்கினால் மணிக்கட்டிலிருந்து துணி மேலே ஏறுவது இதனால்தான். உட்பக்கத்தில் அந்த ஒன்றரை மடங்கும் மிச்சம்.

என் காவலாளியின் அங்கிக்கை முழங்கையில் 12 செ.மீ. குறுக்களவு. இடது கை இடுப்பில் இருப்பதால் முழங்கை ஏறக்குறைய 90 பாகை. மிச்சம் 18, 19 செ.மீ. வரும். இதை மடிப்புகள் விழுங்க வேண்டும். ஒரு மடிப்பு 3 செ.மீ. ஆழத்துக்கு உள்ளே போனால், போக 3, வர 3, மொத்தம் 6 செ.மீ. விழுங்கும். கனத்த கம்பளி இறுக்கமாக மடியாது, மடிந்தால் ஆழமாகத்தான் மடியும். ஆக மூன்று மடிப்பு. அவ்வளவுதான். அதே கை மெல்லிய பருத்தியாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு செ.மீ. ஆழம் இருந்தாலே அதிகம், அப்போது எட்டு ஒன்பது வரும். கனத் துணிக்கு மடிப்பு குறைவு, மெல்லிய துணிக்கு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு குறைவு, எவ்வளவு அதிகம் என்பதை இப்படித்தான் பிடிக்க முடிகிறது. துல்லியமான எண்ணாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கைமுனை தளர்வாக இருந்தால் உட்பக்கத் துணியில் கொஞ்சம் உள்ளங்கைப் பக்கமாக வழுக்கித் தப்பித்துவிடும். அப்போது ஒரு மடிப்பு குறையும், கைமுனையின் ஓரம் சாய்ந்து தெரியும். அந்தச் சாய்வை வரைந்தாலே கை மடங்கியிருக்கிறது என்று பாதி நம்பிவிடுவார்கள்.

எண்ணிக்கை கிடைத்துவிட்டது, வடிவம்? இங்கேதான் பெரும்பாலான படங்கள் விழுகின்றன. முழங்கையைச் சுற்றி வளையம் வளையமாக, அடுக்கி வைத்த டயர் மாதிரி மடிப்பு. அது ரப்பர் செய்யும், நெய்த துணி செய்யாது. காரணம் எளிது. ஒரு தாளையோ துணியையோ ஒரு திசையில் வளைக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் ஒன்றாக வளைக்க வேண்டுமென்றால் அது நீள வேண்டும். வளையமாகப் புடைத்த மடிப்பு குழாயைச் சுற்றியும் வளைகிறது, புடைப்பின் குறுக்கேயும் வளைகிறது. அப்படிப் புடைப்பதற்கு அந்த வட்டத்தில் கூடுதல் சுற்றளவு வேண்டும், துணியிடம் அது இல்லை. அதனால் நசுங்கும் குழாய் வளையமாகாமல் சாய்சதுரங்களாக உடைகிறது. இடப்பக்கத்திலிருந்து ஒரு மேடு நடுவரை வந்து நின்றுவிடும், அதன் முனைக்குச் சற்றுக் கீழே வலப்பக்கத்திலிருந்து அடுத்தது தொடங்கும். நடுவே தட்டையான சாய்சதுரப் பரப்புகள். மெல்லிய சுவருள்ள உருளைகள் மேலிருந்து அழுத்தப்படும்போது இப்படித்தான் சாய்சதுரங்களாக மடிகின்றன என்பதை 1950களில் யோஷிமுரா என்ற ஜப்பானியப் பொறியியலாளர் விளக்கினார். இன்றும் அந்த வடிவத்துக்கு அவர் பெயர்தான். அவர் யோசித்தது உலோகத் தகடுகளைப் பற்றி. ஆனால் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டுப் பார்த்தால் அதே வடிவம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஆக மூன்று மடிப்பையும் நான் வைத்த விதம் இது. முழங்கையின் உள்மூலையில் நேராக உட்கார்வது முதன்மையான மடிப்பு. அதுதான் ஆழம், அதன் அடியில்தான் படத்தின் அந்தப் பகுதியிலேயே கறுத்த நிழல். மற்ற இரண்டும் அதற்கு மேலும் கீழும், அதைவிட ஆழம் குறைவாக, ஒன்றையொன்று தொடாமல் மாறி மாறி நுழைகின்றன. மூன்றுமே உள்மூலையில் கூர்மையாகத் தொடங்கி முழங்கை எலும்பை நோக்கி விரிந்துகொண்டே போகின்றன, ஆனால் எலும்பைத் தொடுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு தூரத்திலேயே கரைந்துவிடுகின்றன. எலும்பின் மேல் துணி இழுத்து நிற்கிறது, அங்கே மிச்சமே இல்லை, ஆகவே மடிப்பும் இல்லை. எலும்பு முனையை அப்படி வழவழப்பாக விட மனசு வராது. ஏதாவது ஒரு கோடு போடலாமே என்று கை பரபரக்கும். விட்டுவிட வேண்டும். அந்த வெறுமைதான் பக்கத்தில் இருக்கும் நெரிசலை நம்ப வைக்கிறது.

ஓவியத்தைத் தட்டையான திரையில் வரையாமல், முப்பரிமாண உருவத்தின் மேல் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உருவம் கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நிற்கும், அசையும்போதுதான் முழங்கை மடங்கும். ஆழமான மூன்று மடிப்பைப் பூசிவிட்டால் கையை நேராக நீட்டும்போதும் அவை அப்படியே நிற்கும். அதனால் அரைகுறையாக மடங்கிய கைக்கு வருகிற அளவு மடிப்பை மட்டும், நிழலைத் திசை தெரியாதபடி பள்ளத்தில் மட்டும் வைத்துப் பூசுவதுதான் நியாயம். முழுதாக மடக்கினாலும் நீட்டினாலும் இரண்டிலும் கொஞ்சம் பொய், எதிலும் பெரிய பொய் இல்லை.

கச்சைக்கு மேலும் கீழும்

இடுப்பில் மிச்சம் வேறு வழியில் வருகிறது. இங்கே உடம்பு மடங்கவில்லை, கச்சை இறுக்குகிறது. அங்கியின் சுற்றளவு இடுப்பில் 122 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். உள்ளே போட்டிருக்கும் சட்டையையும் சேர்த்து அவர் இடுப்பு 92. ஆக 30 செ.மீ. மிச்சம், நிமிர்ந்த மடிப்புகளாக நிற்க வேண்டும். அதே கம்பளி, ஆனால் கச்சை அமுக்குவதால் அவ்வளவு ஆழம் போக முடியாது. இரண்டரை செ.மீ. ஆழம், ஒன்றுக்கு 5 செ.மீ. என்றால் சுற்றிலும் ஆறு மடிப்பு. முன்னாலிருந்து தெரிவது அதில் பாதிதான்.

ஆறையும் சம இடைவெளியில் வைத்தால் தைத்து வைத்த கொசுவம் மாதிரி ஆகிவிடும். ஒரு மனிதர் இந்த அங்கியை எப்படிப் போடுவார் என்று பார்க்க வேண்டும். இடது பாகத்தை உடம்போடு சேர்த்துப் பிடிப்பார், வலது பாகத்தை அதன்மேல் இழுத்துப் படியவைப்பார், பிறகு கச்சையைச் சுற்றுவார். முன்பக்கத்தைக் கையால் இழுத்துத் தட்டையாக்கிவிட்டதால் மிச்சம் எல்லாம் விலாப்பக்கத்துக்கும் முதுகுக்கும் ஒதுங்கும். முன்னே வயிற்றில் ஒரே தட்டைப் பரப்பு, விலாவில் நெருக்கமாக இரண்டு மூன்று. இது கணக்கு சொல்லாத விஷயம், உடுத்தும் செயல் சொல்வது. கற்பனை உடையாக இருந்தாலும் அதை உடுத்துவது எப்படி என்று ஒருமுறை காற்றில் கையை அசைத்தாவது பார்த்துவிடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு செய்வது நல்லது.

இடுப்பில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கச்சை துணியை வெட்டுவதில்லை, மேலிருந்து வரும் அதே துணிதான் கச்சைக்கு அடியில் நுழைந்து கீழே வெளியே வருகிறது. ஆகவே மேலே ஒரு மடிப்பு கச்சைக்குள் போனால், கீழே ஏறக்குறைய அதே இடத்தில் அது வெளியே வந்தாக வேண்டும். மேலே மூன்று, கீழே ஐந்து, இடம் வேறு என்றால், அங்கே தையல் போட்டு இரண்டு துண்டாக இணைத்த உடை என்றுதான் கண் படிக்கும். அப்படி ஒரு உடை வேண்டுமென்றால் சரி, தாராளமாக வரையலாம். ஆனால் அது முடிவாக இருக்க வேண்டும். நான் கச்சை இருக்கும் லேயரை அணைத்துவிட்டு, மடிப்புக் கோடுகளை மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு, பிறகுதான் கச்சையை மேலே போடுகிறேன். மேலே அவை புடைத்துத் தொங்கி, கச்சையின் விளிம்பில் உருண்டு உள்ளே போகும். கீழே அவை கச்சையின் விளிம்பிலிருந்து விரிந்துகொண்டே இறங்கி, முழங்கால் ஓரத்தில் அகலமான அலையாக முடியும். ஒரே மடிப்புக்கு இரண்டு குணம்.

இடது காலில் எடையைப் போட்டு நிற்கிறார் என்பதால் இடது இடுப்பெலும்பு உயர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே தூரம் குறைந்து, கச்சைக்கு மேலே குறுக்கு மடிப்பும் சேர்கிறது. வலப்பக்கம் கையும் தூக்கியிருக்கிறது, இடுப்பும் தாழ்ந்திருக்கிறது, ஆகவே அங்கே நீண்ட இழுப்பு மட்டும். ஒரு பக்கம் நெரிசல், மறுபக்கம் நிசப்தம். இதைச் சரியாக வைத்துவிட்டால், உள்ளே உடம்பு எப்படி நிற்கிறது என்பதை அங்கி தானே சொல்லிவிடும்.

பூசுவது

இவ்வளவு யோசித்தபிறகு பூசுவது சுருக்கமான வேலை, ஆனால் அதிலும் ஒரு இடறல் உண்டு. மடிப்பு என்றதும் மென்மையான ஏர்பிரஷை எடுத்து நிழல் கோடு ஒன்று, அதன் பக்கத்தில் வெளிச்சக் கோடு ஒன்று என்று போடத் தோன்றும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கரைந்திருப்பதால் எல்லாத் துணியும் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். உண்மையான மடிப்புக்கு ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் இளக்கம். துணி தன்மேலேயே கவிழும் பக்கத்தில் விளிம்பு வெட்டியது மாதிரி இருக்கும், அடியில் ஒளி புகாத மெல்லிய கறுப்பு. மறுபக்கம் மெதுவாகச் சரிந்து பக்கத்துப் பரப்போடு கலந்துவிடும். நான் கடினமான ஓரமுள்ள பிரஷால், மூன்றே அழுத்தத்தில், வெளிச்சம், நடுத்தரம், நிழல் என்று தட்டையாகப் போட்டுவிடுவேன். பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்து அந்தப் பக்கத்தை மட்டும் இளக்குவேன். எந்தப் பக்கம் என்று உடனே சொல்ல வரவில்லையென்றால் அந்த மடிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு, அதைப் பிடித்திருக்கும் முனை எது என்று தேடுவேன்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி, உட்புறம் எல்லாவற்றையும் ஒரே கறுப்பால் நிரப்பி வெளிக்கோட்டை மட்டும் பார்ப்பது. மடிப்பு உள்ளே மட்டும் இருந்து, வெளிக்கோடு வழுக்கிக்கொண்டு போனால், துணியின் மேல் கோடு வரைந்திருக்கிறோம், துணியை மடிக்கவில்லை. முழங்கையின் உள்மூலையில் கறுப்பு வடிவத்திலேயே இரண்டு வெட்டுத் தெரிய வேண்டும். கச்சைக்கு மேலே விலாவில் புடைப்பு தெரிய வேண்டும். மேல்தோளில் ஒரு திமில்.

காவலாளிக்கு வெளிச்சம் அவர் கையிலிருக்கும் விளக்கிலிருந்தே வருகிறது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கு வலது தோளுக்கு 30 செ.மீ. தூரத்தில் இருந்தால், கச்சை கிட்டத்தட்ட 90 செ.மீ. தள்ளி. மூன்று மடங்கு தூரம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம். அவ்வளவு கணக்குப் போட்டு வைத்த இடுப்பு மடிப்பெல்லாம் இருட்டுக்குள் போய்விட்டது. அதற்காக அவற்றை விட்டுவிடவும் முடியாது. இருட்டில் நிழலுக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து, கூர்மையான விளிம்புகளை மட்டும் ஆங்காங்கே வைத்தேன். மூளை மீதியை நிரப்பிக்கொள்கிறது. நிரப்புவதற்கான குறிப்புகள் சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கணக்கு கைவிடும் இடம்

இந்த முறைக்கு எல்லை உண்டு. துணி மெல்லியதாகப் போகப் போக எண்ணிக்கை கூடி, ஒரு கட்டத்துக்குமேல் ஒவ்வொரு மடிப்பையும் காரணத்தோடு வைப்பது நடக்காத காரியம். நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொள்வதால் அது வேறு விதியில் நடக்கும். பலநாள் போட்டுப் பழகிய உடையில் முழங்கை நேராக இருந்தாலும் பழைய மடிப்பின் தடம் நிற்கும். இந்த மாதிரி இடங்களில் பழைய ஓவியர்கள் துணியைத்தான் கேட்டார்கள். லியோனார்டோ டா வின்சி களிமண்ணில் உருவம் செய்து, சேற்றில் தோய்த்த துணியை அதன்மேல் போட்டு, அது அப்படியே நின்றபிறகு மெல்லிய லினன் துணியில் கறுப்பு வெள்ளையாகப் பொறுமையாக வரைந்தார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1493-ல் ஒரு தாளின் ஒரே பக்கத்தில் ஆறு தலையணைகளை வரைந்திருக்கிறார், ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக அமுக்கப்பட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அந்தத் தாள் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மனிதரும் இல்லை, உடையும் இல்லை. மிச்சத் துணி அமுக்கினால் எங்கே ஓடுகிறது என்பதைத் தவிர அந்தப் படங்களில் வேறு விஷயமே இல்லை.

நானும் மெல்லிய துணிக்கு அந்த வழிக்குத்தான் போகிறேன். ஏறக்குறைய அதே கனமுள்ள பழைய துணியைக் குழாயாகச் சுற்றி, கையில் மாட்டி, ஊசி குத்தி, ஒரே ஒரு விளக்கு வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்வேன். ஆனால் அதற்கு முன்பே கைக்குழி எங்கே, கைமுனை இறுக்கமா தளர்வா, எவ்வளவு லூஸ் என்று தாளில் எழுதிவிடுவேன். ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். படத்தில் வருகிற சின்னச் சின்னச் சுருக்கங்களில் பெரிய மடிப்புகளைச் சேர்ந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறேன். நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் அதுவும் வரைகிறவர் இஷ்டம்தானே என்றார். எதை விடுவது என்பதில் அவர் சொல்வது சரி. எங்கே வைப்பது என்பதில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.